நூறு பக்கம், ஒரே இரவு: இந்தச் சிறுகதையில் வரும் கண்டுபிடிப்பு நம்பும்படி இருக்கிறதா?

மைக்கூடு எழுதியது:

கீழே இருப்பது என் புதிய சிறுகதையின் இரண்டாம் வரைவு. நடையைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். கோப்புகளோடு பழகியவர்கள் இதைப் படித்துவிட்டு, "இப்படி நடக்காது" என்று சொல்லும் இடம் எது என்பதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

மாலை ஆறரை மணிக்கு மேலாளரிடமிருந்து வந்த மின்னஞ்சலில் இரண்டே வரிகள் இருந்தன. "இணைப்பில் நமது ஆவணப் பேணுகைக் கொள்கை இருக்கிறது. நாளை காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு இரண்டு பக்கச் சுருக்கம் தேவை." கூட்டம் எதற்கு என்பது இளமதிக்குத் தெரியும். பழைய கோப்புகள் எவற்றை அழிக்கலாம் என்ற பட்டியலுக்கு அன்றுதான் ஒப்புதல் தரப்போகிறார்கள். பயிற்சிப் பணியாளராக அவள் சேர்ந்து இரண்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது.

இணைப்பின் பெயர் `Retention_Policy_FINAL.pdf`. நூறு பக்கம். முதல் எழுபத்தெட்டுப் பக்கம் கொள்கை. மீதி இருபத்திரண்டும் பின்னிணைப்பு. பின்னிணைப்பு முழுவதும் ஒரே அட்டவணைதான்: ஒப்பந்தக் கோப்பு, பணியாளர் கோப்பு, புகார்க் கோப்பு என்று ஒவ்வொரு வகைக்கும் எத்தனை ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்ற கணக்கு. சுருக்கம் கேட்பவர்களுக்கு வேண்டியது அந்த அட்டவணைதான் என்று அவள் முடிவு செய்தாள். பதினொரு மணிக்குள் அதை ஒரு பக்கத்தில் அடக்கியும் விட்டாள். ஒப்பந்தக் கோப்புகள், ஏழு ஆண்டுகள். அவ்வளவுதான்.

எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் "பிரிவு 9.4 காண்க" என்று இருந்தது. ஒப்பந்தக் கோப்புக்கு மட்டுமல்ல, வரிசைக்கு வரிசை அதே குறிப்பு. அவள் பின்னோக்கிப் போய்ப் பிரிவு 9-ஐத் திறந்தாள். 9.1, 9.2, 9.3, அதற்கடுத்த வரியில் பிரிவு 10. பக்கம் விடுபட்டதோ என்று எண்ணினாள்; பக்க எண்கள் 54, 55, 56 என்று ஒழுங்காகவே ஓடின. 9.2-இல் "பேணுகாலம் கோப்பு தொடங்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும்" என்று இருந்தது.

அலுவலகத்தின் உள்வலைத்தளத்தில் கொள்கைகள் உள்ள பக்கத்தைத் திறக்க அவளுக்கு அனுமதி இல்லை. ஆனால் பொது அறிவிப்புகளைத் தேடியபோது ஒன்று அகப்பட்டது: "ஆவணப் பேணுகைக் கொள்கை, பதிப்பு 4.0, 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பேணுகாலம் இனிக் கோப்பு முடிக்கப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும்." அவள் கையில் இருந்த கொள்கையின் முகப்பில் பதிப்பு 3.1 என்று அச்சாகியிருந்தது.

அழிப்புப் பட்டியலின் முதல் வரிசையை எடுத்துக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். ஓர் ஒப்பந்தக் கோப்பு. தொடங்கியது 2014 மார்ச். முடிந்தது 2019 ஆகஸ்ட். 3.1-இன்படி 2021 மார்ச்சிலேயே அதன் காலம் தீர்ந்துவிட்டது. 4.0-இன்படி 2026 ஆகஸ்ட் வரை வைத்திருக்க வேண்டும். இது 2025. இரண்டு பதிப்பிலும் அட்டவணை சொல்வது ஏழு ஆண்டுகள்தான்.

மேலாளரின் கைப்பேசி அணைக்கப்பட்டிருந்தது. அவள் சுருக்கத்தை முடித்து, அதன் தலையில் ஒரு வரி சேர்த்தாள்: "இச்சுருக்கம் எனக்குத் தரப்பட்ட பதிப்பு 3.1-ஐ அடிப்படையாகக் கொண்டது. 2023 முதல் பதிப்பு 4.0 நடைமுறையில் இருப்பதாகத் தெரிகிறது." இரவு ஒன்றே முக்காலுக்கு அனுப்பினாள்.

வரைவு இத்துடன் முடிகிறது. கூட்டத்தில் என்ன நடந்தது என்பதை எழுதவில்லை.

---

வேகவாசிப்பு எழுதியது:

ஒரே இரவில் நூறு பக்கம் என்பது அஞ்ச வேண்டிய அளவு அல்ல. முதலில் பொருளடக்கம், அடுத்து வரையறைகள், அதற்கடுத்து "வேண்டும்", "கூடாது" என்று முடியும் வாக்கியங்கள் என்ற வரிசையில் படித்தால் இத்தகைய ஆவணத்தை நான்கு மணி நேரத்தில் முடித்துவிடலாம். நோக்கம், முன்னுரை, பொறுப்புகள் ஆகிய பகுதிகளை மேலோட்டமாகப் பார்த்தாலே போதும். இந்த முறையைப் பின்பற்றியிருந்தால் இளமதி ஒன்றே முக்கால் வரை விழித்திருக்க நேர்ந்திருக்காது.

---

மைக்கூடு எழுதியது:

நன்றி. ஆனால் எப்படி வேகமாகச் சுருக்குவது என்பது என் கேள்வி அல்ல. அவள் கண்டுபிடித்த விதம் மெய்யாக இருக்கிறதா என்பதே கேள்வி. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் சொன்ன வரிசையில் போனால், "கணக்கிடப்படும்" என்று முடியும் 9.2 உங்கள் வடிகட்டியில் தங்கவே தங்காது.

---

கோப்பறை எழுதியது:

பல ஆண்டுகளாக ஆவணக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பணியாற்றுகிறேன். கதையின் அடிப்படை சரியாகவே இருக்கிறது. ஆனால் நீங்கள் வைத்திருக்கும் தடயம், நீங்கள் சொல்வதைவிட மோசமான வேறொன்றைக் காட்டிக்கொடுக்கிறது.

ஒழுங்காக வெளியிடப்பட்ட ஒரு பழைய பதிப்பு தன்னளவில் முழுமையாகவே இருக்கும். 3.1-இல் 9.4 கிடையாது என்றால், 3.1-இன் பின்னிணைப்பும் 9.4-ஐக் குறிப்பிடாது. இல்லாத பிரிவை வரிசைக்கு வரிசை காட்டும் பின்னிணைப்பு அந்தப் பதிப்போடு பிறந்தது அல்ல, அது 4.0-இன் பின்னிணைப்பாகத்தான் இருக்க வேண்டும். ஆகவே இளமதியின் கையில் இருப்பது பழைய பதிப்பு அன்று. பழைய உடலில் புதிய வாலை ஒட்டிய கோப்பு.

இது எப்படி நேரும் என்றால், பல இடங்களில் கொள்கையின் உடலை ஒரு துறையும் அட்டவணையை வேறொரு துறையும் பராமரிக்கின்றன. யாரோ ஒருவர் புதிய அட்டவணையை மட்டும் பெற்று, தம்மிடம் ஏற்கெனவே இருந்த கொள்கையோடு சேர்த்து ஒரே பிடிஎஃப் ஆக்கி, பெயரில் "FINAL" என்று போட்டுவிடுவார். முழுப் பழைய பதிப்பை யாராவது ஒருவர் அடையாளம் கண்டுகொள்வார். இத்தகைய கலப்புக் கோப்பில் கடைசிப் பக்கங்கள் புதியவையாக இருப்பதால், பின்பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவர் அனைத்தும் புதியதே என்று நம்பிவிடுவார்.

கதைக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் ஒன்று உண்டு. ஒட்டிய இடத்தைப் பக்கங்களின் அடிவரியே காட்டிக்கொடுத்துவிடும். முதல் எழுபத்தெட்டுப் பக்கத்தின் அடியில் "பதிப்பு 3.1, பக்கம் 56 / 96" என்பதைப் போலவும், பின்னிணைப்பின் அடியில் "பதிப்பு 4.0, பக்கம் 88 / 104" என்பதைப் போலவும் இருக்கும். நூறு பக்கக் கோப்பில் 96 என்றும் 104 என்றும் இரண்டு மொத்தங்கள் வந்தால், வேறு எதையும் படிக்கவே வேண்டியதில்லை. அதனால் உங்கள் கதையில் "பக்க எண்கள் ஒழுங்காகவே ஓடின" என்ற வாக்கியம் 54 முதல் 56 வரை உண்மைதான். பார்க்க வேண்டியது 78-க்கும் அதற்கடுத்த பக்கத்துக்கும் இடையில்.

---

மைக்கூடு எழுதியது:

இது நான் எதிர்பார்த்த பதிலைவிடப் பெரியது. அப்படியானால் அவள் அட்டவணையைச் சுருக்கிய கணத்தில், தனக்குத் தெரியாமலேயே 4.0-இன் எண்ணையும் 3.1-இன் விதியையும் ஒரே வரியில் சேர்த்துவிட்டாள் என்று ஆகிறது. அந்த இடத்தைத் திருத்தி எழுதுகிறேன்.

---

தேதிபார் எழுதியது:

இவ்வளவு சுற்றுவழி எதற்கு? கோப்பின் மீது சொடுக்கிப் பண்புகளைப் பார்த்தால், எப்போது உருவாக்கப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்ற நாள்கள் தெரிந்துவிடும். 2023-க்கு முந்தைய நாள் இருந்தால் அது பழைய பதிப்பு. இளமதி இதை முதல் நிமிடத்திலேயே செய்திருக்கலாம். கதையும் முதல் பத்தியிலேயே முடிந்திருக்கும்.

---

கோப்பறை எழுதியது:

நாளைப் பார்ப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் அது பாதி வழிதான் கொண்டுபோகும். பண்புகளில் தெரியும் உருவாக்க நாள், அந்தப் பிடிஎஃப் எப்போது உருவானது என்பதைச் சொல்லுமே தவிர, உள்ளே இருக்கும் கொள்கை எப்போது ஒப்புதல் பெற்றது என்பதைச் சொல்லாது. பழைய பதிப்பின் மூலக் கோப்பை நேற்று ஒருவர் மீண்டும் பிடிஎஃப் ஆக மாற்றினால் நேற்றைய நாள்தான் இருக்கும். மின்னஞ்சலிலிருந்து இறக்கிச் சேமித்த கோப்புக்கு, இறக்கிய நாளையே பல கணினிகள் காட்டும். இளமதியின் கோப்பை யாரோ சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள் என்பதால், அதன் நாள் 2023-க்குப் பிந்தையதாகவே இருக்கும். நீங்கள் சொன்ன சோதனையில் அது தேர்ச்சி பெற்றுவிடும்.

நாள் பழையதாக இருந்தால் சந்தேகப்படலாம். நாள் புதியதாக இருப்பதை வைத்து நம்பிவிடக் கூடாது. முகப்புக்கு அடுத்த பக்கத்தில் திருத்த வரலாறு என்று ஓர் அட்டவணை இருக்குமே, அதில் கடைசி வரிசையில் என்ன இருக்கிறது என்பதே நம்பத்தக்க சான்று. அதைக்கூட மூலப் பட்டியலோடு ஒப்பிட்டால்தான் முடிவு சொல்லலாம்.

---

தராசுமுள் எழுதியது:

எனக்கு வேறோர் ஐயம் இருக்கிறது. கதை, புதிய பதிப்பே சரியானது, பழையது தவறானது என்று எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அந்த ஒப்பந்தக் கோப்பு 2014-இல் தொடங்கி 2019-இல் முடிந்தது. அப்போது நடைமுறையில் இருந்தது 3.1. பின்னால் வந்த விதியை முன்னால் நடந்ததன்மேல் ஏற்றக் கூடாது என்பது பொதுவான நியாயம் அல்லவா? அப்படிப் பார்த்தால் 2021 மார்ச்சிலேயே அழிக்கும் உரிமை வந்துவிட்டது. இளமதிதான் வீணாகப் பதறுகிறாள்.

---

கோப்பறை எழுதியது:

நல்ல கேள்வி, பாதி சரியான கேள்வியும்கூட. ஒருவரின் நடத்தையை மதிப்பிடும்போது நீங்கள் சொல்வது பொருந்தும். 2020-இல் ஒரு பணியாளர் ஒரு செலவுக்கு முன்அனுமதி பெறவில்லை என்ற புகார் வந்தால், 2020-இல் இருந்த கொள்கையைத்தான் எடுத்துப் பார்ப்போம். அந்த வேலைக்குப் பழைய பதிப்பே சரியான பதிப்பு. பழைய பதிப்புகளைத் தூக்கி எறியாமல் "நீக்கப்பட்டது" என்று குறித்துப் பாதுகாப்பதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பில் 4.2.3-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொன்னது: காலாவதியான ஆவணம் தெரியாமல் பயன்படுத்தப்படுவதைத் தடுக்க வேண்டும், ஏதேனும் காரணத்துக்காக வைத்திருந்தால் உரிய அடையாளமிட்டு வைக்க வேண்டும். (அந்தத் தரநிலையே 2015-இல் மாறி, இந்தப் பொருள் இப்போது 7.5.3-இல் வேறு சொற்களில் இருக்கிறது. பிரிவு எண்ணைச் சொல்லும்போது பதிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.)

ஆனால் பேணுகைக் கொள்கை 2019-இல் யார் என்ன செய்தார்கள் என்பதை மதிப்பிடுவதற்கானது அல்ல. நாளை காலை ஒரு கோப்பை அழிக்கலாமா என்பதை அது தீர்மானிக்கிறது. அழிக்கும் செயல் 2025-இல் நடப்பதால், வேறு விதமாகச் சொல்லப்படாதவரை, அழிக்கும் நாளில் நடைமுறையில் உள்ள விதியே பொருந்தும் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். அழிக்கும் உரிமை 2021-இல் வந்தது என்பது உண்மையாகவே இருக்கட்டும். 2022 முடியும்வரை யாரும் அதைப் பயன்படுத்தவில்லையே.

---

தராசுமுள் எழுதியது:

"வேறு விதமாகச் சொல்லப்படாதவரை" என்றீர்களே, அங்கேதான் சிக்கல் இருக்கிறது. பதிப்பு மாறும்போது, ஏற்கெனவே முடிந்த கோப்புகளுக்குப் பழைய கணக்கே தொடரும் என்று ஒரு மாறுதல் கால விதியை 4.0-இல் சேர்த்திருக்கலாம். சொல்லப்போனால் அந்த 9.4 என்ற பிரிவிலேயே அது இருக்கலாம். இளமதி படித்தது அறிவிப்பில் வந்த ஒரு வரியை மட்டுமே. 9.4-இன் வாசகத்தை அவளும் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை.

---

கோப்பறை எழுதியது:

மறுக்க மாட்டேன். அப்படி ஒரு விதி இருந்தால் என் விடை மாறிவிடும்.

---

சோதனைச்சாலை எழுதியது:

எங்கள் ஆய்வகத்தில் நடந்த ஒன்றை இங்கே சொல்லத் தோன்றுகிறது. ஒரு கருவியைச் சுத்தம் செய்யும் வழிமுறை சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. அதன் அடியில் "அச்சிட்ட பிரதி கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதன்று" என்ற வரியும் இருந்தது. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, சுவரில் உள்ள நீர்மத்தின் அளவும் கணினியில் உள்ள அளவும் வேறுபடுகின்றன என்று சொன்னாள். மூத்தவர் ஒருவர், "சுவரில் இருப்பதைத்தானம்மா எல்லாரும் செய்கிறோம், அதையே செய்" என்று சொல்லிவிட்டார். அவருக்கு அது பழையது என்று தெரியும். தெரிந்தேதான் சொன்னார்.

அதனால் இந்தக் கதையைப் படித்தபோது எனக்கு முதலில் எழுந்த எண்ணம், மேலாளர் தெரிந்தேதான் இந்தக் கோப்பை அனுப்பினாரோ என்பது. புதிய கணக்குப்படி பார்த்தால் அழிப்புப் பட்டியலில் பாதி நீங்கிவிடும். கைப்பேசியும் அணைந்திருக்கிறது.

---

மைக்கூடு எழுதியது:

மேலாளரைச் சதிகாரராக்க எனக்கு விருப்பம் இல்லை. கோப்பறை சொன்ன ஒட்டு வேலையை மேலாளரே செய்தார் என்று வைத்தால் கதை வேறு தடத்தில் போய்விடும். யாரோ எப்போதோ ஒட்டியது மேலாளரின் கையிலும் அப்படியே வந்து சேர்ந்தது என்பதுதான் என் எண்ணம்.

---

சோதனைச்சாலை எழுதியது:

எங்கள் மூத்தவரும் சதிகாரர் இல்லை. அவருக்கு வேலை முடிய வேண்டும், அவ்வளவுதான். நீங்கள் மேலாளரை முழுக்க அறியாதவராகக் காட்டுவதைவிட, ஏதோ மாறியிருக்கிறது என்று அரைகுறையாகத் தெரிந்தும் பார்க்காமல் விட்டவராகக் காட்டினால் எனக்கு இன்னும் நம்பிக்கை வரும்.

---

வரிக்குவரி எழுதியது:

நான் கோப்புத் துறையைச் சேர்ந்தவள் அல்ல. குழுக் கூட்டங்களுக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. எனக்கு இடறுவது கதையின் கடைசி வரி. இளமதி சுருக்கத்தின் தலையில் எழுதிய எச்சரிக்கை உண்மையானது, பணிவானது, ஆனால் பயன்படாதது. "பதிப்பு 3.1-ஐ அடிப்படையாகக் கொண்டது" என்ற வரியைக் காலை ஒன்பது மணிக்குப் படிக்கும் குழுவினர் அதை ஒரு சடங்கு வாசகமாக எடுத்துக்கொண்டு நேரே அட்டவணைக்குப் போய்விடுவார்கள். அட்டவணையில் "ஒப்பந்தக் கோப்புகள், ஏழு ஆண்டுகள்" என்று இருக்கும். அது இரண்டு பதிப்பிலும் சரி என்பதால் யாருக்கும் எதுவும் உறுத்தாது.

இங்கே தவறு ஒளிந்திருப்பது சுருக்கத்துக்குள்ளேயே. ஏழு என்ற எண் மாறவில்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதுதான் மாறியது. எண்ணைத் தாங்கி, எண்ணும் முறையை விட்டுவிடும் எந்தச் சுருக்கமும் இந்த வேறுபாட்டை அழித்துவிடும். நான் அவள் இடத்தில் இருந்தால் அட்டவணையில் ஒரு பத்தி கூட்டி, "எந்த நாளிலிருந்து" என்று தலைப்பிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் "3.1: தொடக்கம், 4.0: முடிவு, உறுதி செய்யவும்" என்று எழுதியிருப்பேன். அவள் காகிதத்தில் போட்ட அந்த ஒரு கணக்கையும், 2021 மார்ச் எதிரே 2026 ஆகஸ்ட் என்று, எச்சரிக்கைக்குக் கீழேயே வைத்திருப்பேன். அதைப் படித்துவிட்டு யாராலும் கடந்து போக முடியாது.

---

தேதிபார் எழுதியது:

இரண்டு மாதப் பயிற்சிப் பணியாளர் ஒருவர் குழுவின் அட்டவணையில் வரிசைக்கு வரிசை "உறுதி செய்யவும்" என்று எழுதினால், மேலாளர் கூட்டத்துக்கு முன்பே அவற்றை நீக்கிவிட்டுத்தான் அனுப்புவார். தலையில் உள்ள ஒரு வரி தப்பிப் பிழைக்க வாய்ப்பு அதிகம்.

---

வரிக்குவரி எழுதியது:

பிழைத்து என்ன பயன், யாரும் படிக்காவிட்டால்? மேலும், பட்டியலை ஒத்திவைப்பதால் குழுவுக்கு ஆகும் இழப்பு ஒரு மாதத் தாமதம். அழித்த கோப்பைத் திரும்பப் பெற வழியே கிடையாது. இந்தச் சமமின்மையை அவள் ஒரு வாக்கியத்திலாவது சொல்ல வேண்டும்: "முதல் வரிசைக் கோப்பை இன்று அழித்தால், 4.0 பொருந்தும் பட்சத்தில் மீட்க இயலாது."

---

மைக்கூடு எழுதியது:

இருவர் சொல்வதையும் எடுத்துக்கொண்டு ஒரு பகுதியை மாற்றி எழுதியிருக்கிறேன். அடிவரிகளும் இப்போது வந்துவிட்டன.

"அவள் 78-ஆம் பக்கத்துக்குப் போனாள். அடியில் பதிப்பு 3.1, பக்கம் 78 / 96. ஒரு பக்கம் தள்ளினாள். பதிப்பு 4.0, பக்கம் 83 / 104. எழுபத்தெட்டுக்குப் பின் எண்பத்து மூன்று. எழுத்துருவும் அரைப்புள்ளி அளவு சிறியதாக இருந்ததை இப்போதுதான் கவனித்தாள். பதினொரு மணிக்கு முடித்த அட்டவணையை மீண்டும் திறந்து, ஏழு என்ற எண்ணுக்கு அடுத்து வெற்றுப் பத்தி ஒன்றைச் சேர்த்தாள். அதற்கு என்ன தலைப்பு வைப்பது என்று அவளுக்குச் சற்று நேரம் தெரியவில்லை."

---

கோப்பறை எழுதியது:

83 என்ற எண் சரியாகப் பொருந்துகிறது. 83 முதல் 104 வரை இருபத்திரண்டு பக்கங்கள். புதிய பதிப்பின் உடல் நான்கு பக்கம் கூடியிருக்கிறது என்பதையும் அது சொல்லாமல் சொல்கிறது. 9.4 அந்த நான்கு பக்கத்தில் எங்கோ இருக்கும். ஆனால் பழைய பின்னிணைப்பு பதினெட்டுப் பக்கம்தான் என்றும் ஆகிறது. அதாவது அட்டவணையில் நான்கு பக்கம் புதிதாக வந்திருக்கிறது. அவள் சுருக்கிய வகைகளில் சில 3.1-இல் இருந்திருக்கவே மாட்டா.

இன்னொன்று. உள்வலைத்தள அறிவிப்பைக் கதையில் வைத்திருப்பதால் 4.0 நடைமுறைக்கு வந்துவிட்டது என்பது வாசகருக்கு உறுதியாகிவிடுகிறது. அந்த அறிவிப்பு இல்லாவிட்டால், அடிவரியில் 4.0 என்று இருப்பது ஒப்புதலுக்குச் சுற்றில் விடப்பட்ட வரைவாகவும் இருக்கலாம். வரைவுகளிலும் வரப்போகும் எண்ணையே போட்டுவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

---

தராசுமுள் எழுதியது:

அப்படியானால் அறிவிப்பை எடுத்துவிடுங்கள். 3.1 இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதே அவளுக்குத் தெரியாத நிலையில் அவள் அந்தப் பத்திக்கு என்ன தலைப்பு வைப்பாள் என்பது எனக்கு இன்னும் சுவையான கேள்வி.

---

வரிக்குவரி எழுதியது:

எடுக்க வேண்டாம். அறிவிப்பை எடுத்தால் காகிதத்தில் போட்ட அந்தக் கணக்கும் போய்விடும். கோப்பு முடிந்த நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பது அவளுக்கு வேறு எங்கிருந்து தெரியும்?

---

மைக்கூடு எழுதியது:

அறிவிப்பை வைத்துக்கொண்டு அதிலுள்ள "நடைமுறைக்கு வருகிறது" என்பதை "ஒப்புதலுக்கு வைக்கப்பட்டுள்ளது" என்று மாற்றினால் கணக்கும் நிற்கும், ஐயமும் நிற்கும். அப்படி ஒரு வரைவு எழுதிப் பார்க்கிறேன். அதில் அவள் மேலாளரைத் தவிர வேறு யாரை அந்நேரத்தில் அழைக்கலாம் என்று கோப்பறை சொன்னால் உதவியாக இருக்கும்.

---

கோப்பறை எழுதியது:

இரவில் யாரையும் அழைக்க முடியாது. காலை எட்டு மணிக்கு, கொள்கையின் முகப்பில் "உரிமையாளர்" என்ற கட்டத்தில் எந்தப் பதவியின் பெயர் இருக்கிறதோ அவரிடம் போய்க் கேட்கலாம். எந்தப் பதிப்பு நடைமுறையில் உள்ளது என்று சொல்லும் பொறுப்பு மேலாளருக்கு அல்ல, அவருக்கே உரியது. ஆனால் 3.1-இன் முகப்பில் இருக்கும் பதவி, 4.0 வரும்போது வேறு துறைக்கு மாறியிருக்கவும் கூடும்.